எத்தனை லிட்டர் தண்ணீர் உரிமையாகும்?

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகராட்சி, ஒவ்வொரு வீட்டு மனைக்கும் மாதத்துக்கு 6,000 லிட்டர் தண்ணீரை இலவசமாகக் கொடுத்துவந்தது. அந்த எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் போதும் என்று வைத்துக்கொண்டு, ஒரு மனையில் எட்டுப் பேர், மாதத்துக்கு 30 நாள் என்று பெருக்கினால் சரியாக 6,000 வரும். அந்த நகரின் சோவெட்டோ பகுதியிலுள்ள ஃபிரி என்னும் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து பேர் இந்தக் கணக்கு தவறு என்று வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் 2008-இல் ஆளுக்கு 50 லிட்டர் என்று தீர்ப்பளித்தது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 மார்ச் மாதத்தில் 42 லிட்டர் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம், எத்தனை லிட்டர் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலையே அல்ல என்று கூறி, கீழ் நீதிமன்றங்களின் உத்தரவுகளை விலக்கி, நகராட்சியின் கொள்கையை ஏற்றுக்கொண்டது.

‘மசிபுக்கோ எதிர் ஜோகன்னஸ்பர்க் நகரம்’ என்று அறியப்படும் இந்த வழக்கில் ஒரே கேள்விக்கு மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாக விடை சொன்னதை நீதிபதிகளின் தனிப்பட்ட கருத்து வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. பொருளாதார, சமூக உரிமைகள் எழுதப்பட்டிருக்கும் முறையிலேயே அந்த வேறுபாட்டுக்கு இடமிருக்கிறது.

உடன்படிக்கையின் ஒரு வாக்கியம்

1966-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளை ஏற்றது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை, அந்த உரிமைகளை மதிக்கவும் உறுதிசெய்யவும் அரசுகள் கடமைப்பட்டவை என்று நேரடியாகச் சொல்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை அப்படிப் பேசுவதில்லை. அதன் 2-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவின்படி, ஒவ்வோர் அரசும் தன்னிடமுள்ள வளங்களை இயன்ற அளவு முழுமையாகப் பயன்படுத்தி, உரிமைகள் முழுதும் நிறைவேறும் நிலையைப் படிப்படியாக அடையும் நோக்கத்தோடு, நடவடிக்கைகளை எடுக்க ஒப்புக்கொள்கிறது.

இந்த வாக்கியத்தை ஓர் அரசு வழக்கறிஞர் எப்படி வாசிப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். ‘வளங்கள்’ என்னும் சொல், பணமில்லை என்று கைவிரிக்க இடங்கொடுக்கிறது. ‘படிப்படியாக’ என்பது, இப்போது இல்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட இடங்கொடுக்கிறது. ‘நோக்கத்தோடு’ என்பதோ, அடையாவிட்டாலும் எண்ணம் நல்லதுதான் என்று சொல்லிக்கொள்ள வழிவிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் எந்த அரசும் எந்தக் காலத்திலும் இந்த உடன்படிக்கையை மீறவே முடியாது. ஆனாலும் இந்தச் சொற்களை எழுதியவர்களைக் குறைசொல்வது எளிதன்று. குழாய் பதிப்பதும் மருத்துவமனை கட்டுவதும் ஒரே நாளில் முடிவதில்லை. ஏழை நாடும் பணக்கார நாடும் ஒரே கடமையை ஏற்கவேண்டுமானால், அந்தக் கடமை அவரவர் கைப்பொருளுக்கு ஏற்ப நீளவும் சுருங்கவும் கூடியதாக இருந்தாக வேண்டும்.

உடன்படிக்கையைக் கண்காணிக்கும் வல்லுநர் குழு 1990-இல் வெளியிட்ட 3-ஆம் பொதுக் கருத்துரை, இந்த நெகிழ்வுக்குள் சில கெட்டியான முளைகளை அடித்துவைத்தது. முழு நிறைவேற்றத்துக்குக் காலம் தேவைப்படலாம். ஆனால் நடவடிக்கைகளைத் தொடங்கக் காலம் தேவையில்லை, அவை திட்டமிட்டவையாகவும் குறியிலக்கு உடையவையாகவும் இருக்க வேண்டும். பாகுபாடு காட்டாதிருக்கும் கடமை முதல் நாளிலிருந்தே முழுமையானது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கை, அதாவது பின்னடைவு, மிகக் கவனமான ஆய்வுக்குப் பிறகே அனுமதிக்கப்படும். இவற்றோடு நான்காவதாக வந்ததுதான் குறைந்தபட்ச அடிப்படைக் கடமை. ஒவ்வோர் உரிமையிலும் மிக இன்றியமையாத ஓர் அளவையேனும் ஒவ்வோர் அரசும் நிறைவேற்ற வேண்டும், அப்படியொரு தளம் இல்லையென்றால் உடன்படிக்கை இருப்பதற்கே பொருளில்லை என்று குழு வாதிட்டது.

இந்தக் கருத்துரையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் உட்பொருள் உண்டு. அடிப்படை அளவை நிறைவேற்றாத அரசு, பணமில்லை என்று சொல்லவே கூடாது என்று 1990-இல் குழு கூறவில்லை. சொல்லலாம்; ஆனால் கையிலுள்ள எல்லா வளங்களையும் அந்தக் குறைந்தபட்சக் கடமைகளுக்கே முதலில் ஒதுக்க எல்லா முயற்சியும் எடுத்ததாக அந்த அரசுதான் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதாவது இங்கே குறைந்தபட்சம் என்பது மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றும் ஒரு கருவி. தண்ணீர் கிடைக்காதவர் தன் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைத் தோண்டி, பணம் இருந்தது என்று காட்டவேண்டியதில்லை. அரசு தன் கணக்கை விரித்துக் காட்ட வேண்டும்.

உடன்படிக்கையில் இல்லாத தண்ணீர்

1966-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தண்ணீருக்கான உரிமை என்று தனியாக எதுவும் இல்லை. 11-ஆம் பிரிவு, போதுமான வாழ்க்கைத் தரத்துக்கான உரிமையில் உணவு, உடை, உறைவிடம் ஆகியவை ‘உள்ளிட்ட’ என்று சொல்கிறது. அந்த ‘உள்ளிட்ட’ என்னும் சொல் பட்டியல் முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகிறது என்பது 2002-இல் வந்த 15-ஆம் பொதுக் கருத்துரையின் வாதம். உடல்நலத்துக்கான 12-ஆம் பிரிவையும் துணைக்கு அழைத்து, தண்ணீர் ஒரு தனி உரிமை என்று அது நிறுவியது. 2010 ஜூலை 28 அன்று பொதுச் சபை, தண்ணீரையும் கழிவகற்றலையும் மனித உரிமையாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியபோது 122 நாடுகள் ஆதரித்தன, 41 நாடுகள் வாக்களிக்காமல் விலகின, எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை. எதிர்க்கவும் மனமில்லை, ஒப்பவும் மனமில்லை என்ற அந்த 41 நாடுகளின் நிலை, இந்த உரிமையின் வரம்பு குறித்து இருந்த தயக்கத்தை நன்றாகவே காட்டிவிடுகிறது.

15-ஆம் கருத்துரை தண்ணீரில் எது குறைந்தபட்சம் என்று வகுத்தபோது, லிட்டர் கணக்கு எதையும் கொடுக்கவில்லை. நோயைத் தடுக்கும் அளவுக்குப் பாதுகாப்பான, போதுமான தண்ணீர் வீட்டுப் பயன்பாட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. நீண்ட நேரம் காத்திருக்க நேராதபடி போதிய குழாய்கள், வீட்டிலிருந்து நியாயமான தொலைவில் இருக்க வேண்டும் என்றது. தண்ணீர் எடுக்கச் செல்பவரின் உடலுக்கு ஆபத்து நேரக் கூடாது, யாருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது, இருக்கும் வசதிகள் நேர்மையாகப் பங்கிடப்பட வேண்டும், நாடு முழுமைக்குமான திட்டமும் கண்காணிப்பும் வேண்டும் என்றெல்லாம் தொடர்ந்தது. இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் பெரிய செலவே இல்லாதவை என்பதைக் கவனிக்கலாம். பாகுபாடு காட்டாதிருக்கவும், திட்டம் ஒன்றை எழுதி வெளியிடவும், யாருக்குத் தண்ணீர் போகவில்லை என்று எண்ணிப் பார்க்கவும் எந்த ஏழை அரசாலும் முடியும்.

ஆனால் அதே கருத்துரை, 1990-இல் இருந்த நிதானத்தைக் கைவிட்டது. எந்தச் சூழ்நிலையிலும் இந்த அடிப்படைக் கடமைகளை நிறைவேற்றாததற்கு அரசு நியாயம் கற்பிக்க முடியாது என்று 2002-இல் எழுதப்பட்டது. இது குறைந்தபட்சத்தை வலுப்படுத்துவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் பலவீனப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன். போர் ஓய்ந்த நாடொன்றில் நீரேற்று நிலையங்கள் இடிந்து கிடக்கும்போது, அந்த அரசு எந்தச் சூழ்நிலையிலும் தப்ப முடியாத ஒரு கடமையை மீறுகிறது என்று சொல்வதால் யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் கிடைக்காது. நடக்கவே முடியாததைக் கேட்கும் விதியை அரசுகள் ஒதுக்கிவிடும். நீதிமன்றங்களோ அந்த விதியின் எளிய பகுதியையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

லிட்டரும் நடையும்

அந்த வழக்குக்குப் போகுமுன், லிட்டர் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது, தேவையைவிடக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரிதும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2003-இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதைப் படிநிலைகளாக வகுத்தது. போய்வர அரைமணிக்கும் மேல் ஆகுமென்றால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர்கூடக் கிடைப்பது அரிது. 5 முதல் 30 நிமிடத்துக்குள் என்றால், சராசரி 20 லிட்டரைத் தாண்டுவதில்லை. மனைக்குள்ளேயே ஒரு குழாய் இருந்தால் 50 லிட்டர் அளவுக்கு உயர்கிறது. வீட்டுக்குள் பல குழாய்கள் வந்துவிட்டால் 100 லிட்டரைத் தொடுகிறது.

இந்தப் படிகளில் ஒரு விசித்திரம் உண்டு. 25 நிமிட நடையை 10 நிமிடமாகக் குறைத்தாலும் வீட்டில் பயன்படும் தண்ணீர் பெரிதாகக் கூடுவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவை எப்படியும் சுமந்துவிடுகிறார்கள். அதற்கு மேல், கை கழுவவும் குளிக்கவும் துணி துவைக்கவும் தேவைப்படும் அளவுக்குச் சுமப்பதற்குத்தான் உடல் மறுக்கிறது. குழாய் மனைக்குள் வந்த பிறகே அந்தத் தண்ணீர் வருகிறது, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் கை கழுவுதலும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. எனவே 20 லிட்டரைக் குறைந்தபட்சம் என்று அரசு அறிவிப்பதும், தெருமுனைக் குழாயே போதும் என்று அறிவிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். 50 லிட்டர் என்று சொன்னால், மனைக்கு மனை குழாய் போடுகிறேன் என்று சொன்னதாகும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பொறியியல் முடிவும், அதற்கான செலவும், சுமப்பவரின் கழுத்தும் இருக்கின்றன.

50 என்னும் எண்ணை நீரியல் அறிஞர் பீட்டர் கிளைக் 1996-இல் முன்வைத்தார். குடிக்க 5, கழிவகற்ற 20, குளிக்க 15, சமைக்க 10 என்பது அவர் பிரித்த விதம். இதில் மிகப் பெரிய பங்கு கழிவகற்றலுக்குப் போகிறது. குழிக் கழிப்பறை உள்ள வீட்டில் அந்தப் பங்கு ஏறக்குறைய தேவையில்லை. நீர் ஊற்றும் கழிப்பறை உள்ள வீட்டில் அதுவும் போதாமல் போகலாம். ஒரே எண் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்ற நீதிமன்றத்தின் ஐயத்துக்கு உண்மையிலேயே அடிப்படை இருந்தது.

ஃபிரியில் நடந்தது

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27-ஆம் பிரிவு, போதுமான உணவும் தண்ணீரும் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அடுத்த உட்பிரிவு, அரசு தனக்குள்ள வளங்களுக்கு உட்பட்டு, நியாயமான நடவடிக்கைகளால் அதைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது. 2001-இல் வந்த விதிமுறைகள் அடிப்படைத் தண்ணீருக்கு அளவு வகுத்தன: ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் அல்லது வீட்டுக்கு மாதத்துக்கு 6,000 லிட்டர், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாத வேகத்தில், ஆண்டில் ஏழு முழு நாளுக்கு மேல் நின்றுபோகாமல்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் பதித்த சோவெட்டோவின் குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. மீட்டர் கிடையாது, ஒவ்வொரு மனையும் மாதத்துக்கு 20,000 லிட்டர் செலவழிப்பதாகக் கருதி ஒரே சீரான கட்டணம் விதிக்கப்பட்டது. பலர் அதைக் கட்டவில்லை. ஜோகன்னஸ்பர்க் நீர் நிறுவனம் வாங்கிய தண்ணீரில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட அளவு சோவெட்டோவுக்குச் சென்றது, ஆனால் வருவாயில் ஒரு விழுக்காடுதான் அங்கிருந்து வந்தது. குழாய்களை மாற்றி, வீடுகளுக்கு ப்ரீபெய்டு மீட்டர் பொருத்தும் திட்டத்துக்கு, தண்ணீரைச் சேமியுங்கள் என்று பொருள்படும் ஜூலு மொழிப் பெயர் சூட்டப்பட்டது. 2004-இல் ஃபிரியில் அது தொடங்கியது. மீட்டரை ஏற்கலாம், அல்லது முற்றத்தில் ஒற்றைக் குழாயோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் மறுத்தவர்களின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மீட்டர் பொருத்திய வீட்டில் 6,000 லிட்டர் தீர்ந்ததும், பணம் செலுத்தும்வரை அல்லது அடுத்த மாதம் பிறக்கும்வரை, குழாய் தானாக மூடிக்கொண்டது.

மாதத்துக்கு 6,000 என்றால் மனைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். நான்கு பேர் இருக்கும் மனையில் ஆளுக்கு 50 லிட்டர் கிடைக்கிறது. எட்டுப் பேர் என்றால் 25. சோவெட்டோவில் பல மனைகளில் முன்வீட்டுக் குடும்பத்தோடு பின்முற்றத்துக் குடில்களில் வாடகைக் குடும்பங்களும் வாழ்கின்றன. 16 பேர் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை லிட்டர்தான். ஃபிரியின் கழிப்பறைகள் நீர் ஊற்றும் வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை ஊற்றச் சுமார் 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 16 பேரும் நாளொன்றுக்கு ஒரேயொரு முறை கழிப்பறையைப் பயன்படுத்தினாலே 160 லிட்டர் போய்விடும். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எஞ்சுவது அத்தனை பேருக்கும் சேர்த்து 40 லிட்டர். சட்டம் ‘25 லிட்டர் அல்லது 6,000 லிட்டர்’ என்று எழுதிய அந்த ‘அல்லது’, சிறிய குடும்பத்துக்கு இரட்டிப்பாகவும் பெரிய குடும்பத்துக்குப் பாதியாகவும் மாறிவிடுகிறது. எந்த மனையில் ஆள் அதிகமோ அந்த மனையில்தான் பெரும்பாலும் வறுமையும் அதிகம் என்பதால், தவறு சரியாகத் தவறான திசையிலேயே சாய்கிறது.

அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய நீதிபதி கேட் ஓ’ரீகன், குறைந்தபட்ச அடிப்படை என்னும் வாதத்தை ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் குரூட்பூம் வீட்டுவசதி வழக்கிலேயே அந்த நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்திருந்தது. பல நாடுகளின் அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஐ.நா. குழுவிடம் இருந்த தகவல், ஒரு வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்திடம் இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். மசிபுக்கோ வழக்கில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. எண்ணைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; நீதிமன்றம் பார்க்க வேண்டியது அவர்கள் எடுத்த முடிவு நியாயமானதா, காலத்துக்கேற்ப அதைத் திருத்திவருகிறார்களா என்பதைத்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நகராட்சி தன் கொள்கையைப் பலமுறை மாற்றியிருந்தது. வறியோர் பட்டியலில் பதிந்துகொண்ட வீடுகளுக்குக் கூடுதல் தண்ணீரும், அவசரத் தேவைக்கென ஆண்டுக்கு 4,000 லிட்டரும் சேர்க்கப்பட்டன. இத்தகைய தொடர்ந்த திருத்தமே நியாயத்தன்மைக்குச் சான்று என்று நீதிமன்றம் கருதியது.

எண்ணைச் சொல்ல மறுத்ததில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. கழிப்பறை வகையைப் பொறுத்தே தேவை இருமடங்கு மாறும்போது, 50-ஐயோ 42-ஐயோ அரசமைப்பில் ஆணியடித்து வைப்பது பொருத்தமாகாது. ஆனால் எண்ணைச் சொல்லாமலே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இருந்தன. மனைக் கணக்கு ஏன், ஆள் கணக்கு ஏன் இல்லை? நகராட்சியின் விடை, ஒரு மனையில் எத்தனை பேர் என்று எண்ணிக் கண்காணிப்பது கடினம் என்பது. நிர்வாகத்துக்குக் கடினம் என்பது மெய்யாக இருக்கலாம். எனினும் 1990-ஆம் ஆண்டின் சுமை மாற்று விதியைக் கையில் எடுத்திருந்தால், அந்தக் கடினத்தை எண்களோடு மெய்ப்பிக்க வேண்டியவர் நகராட்சியாக இருந்திருப்பார். நியாயத்தன்மை என்னும் அளவுகோலிலோ, கொள்கை நியாயமற்றது என்று மெய்ப்பிக்கும் வேலை ஃபிரியின் ஐந்து பேர் தலையில் விழுந்தது. வறியோர் பட்டியலில் பதிந்தால் கூடுதல் தண்ணீர் என்பதும் அப்படித்தான். பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கொள்கை நன்றாக இருக்கும். தகுதியிருந்தும் பதியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போதே அந்தக் கொள்கை யாரை விட்டுவிட்டது என்பது தெரியவரும்.

இன்னும் உறுத்துவது, குழாய் மூடிக்கொள்வதை நீதிமன்றம் பார்த்த விதம். 1997-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைகள் சட்டம், தண்ணீரைத் துண்டிக்குமுன் நியாயமான முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. கட்டணம் செலுத்த வசதியில்லை என்று நிரூபிப்பவருக்கு, அடிப்படைத் தண்ணீரை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது. ப்ரீபெய்டு மீட்டர் மூடிக்கொள்வது துண்டிப்பல்ல, தற்காலிக நிறுத்தம்தான், அடுத்த மாதம் பிறந்ததும் தண்ணீர் மீண்டும் வருமே என்பது தீர்ப்பின் தர்க்கம். மாதத்தின் இருபதாம் நாள் குழாய் வறண்டுபோன வீட்டில் பத்து நாள் என்பது தற்காலிகம்தானா என்பதை அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும். கடனுக்குத் தண்ணீர் பெற்றுப் பின்னர் கட்டணம் செலுத்தும் வசதியான பகுதிகளில், பணம் கட்டாவிட்டால் முதலில் அறிவிப்பு வந்தது, அவகாசம் கிடைத்தது. ஃபிரியில் இயந்திரம் அறிவிப்பின்றி மூடியது. பாகுபாடு காட்டாதிருக்கும் கடமைக்கு வளம் ஒரு சாக்காகாது என்பதால், இந்த வேறுபாட்டைப் படிப்படியான நிறைவேற்றத்தின் கணக்கில் எழுதவே முடியாது. உயர் நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றே கண்டது. அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பின்னடைவு என்னும் அளவுகோலையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். முன்பு வரம்பில்லாமல் வந்த தண்ணீர் இப்போது 6,000 லிட்டரில் நிற்கிறது என்றால் அது பின்னடைவுதானே என்று தோன்றும். 15-ஆம் கருத்துரையின்படி பின்னடைவு தடைசெய்யப்பட்டது என்பதே தொடக்க ஊகம். மாற்று வழிகள் எல்லாவற்றையும் கவனமாக ஆராய்ந்த பிறகே அதை எடுத்ததாக அரசு மெய்ப்பிக்க வேண்டும். ஃபிரியில் இந்தச் சோதனையில் நகராட்சி பாதியளவுக்குத் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கிய தண்ணீர் மண்ணுக்குள் கசிந்துபோவதை நிறுத்தியது பின்னடைவே அல்ல. அந்த நீர் யாருடைய குடத்துக்கும் போகவில்லை. ஆனால் கசிவை அடைப்பதற்கும், ஏழை வீட்டில் குழாயை மூடும் இயந்திரத்தைப் பொருத்துவதற்கும் இடையே தவிர்க்க முடியாத தொடர்பு எதுவுமில்லை. குழாயை மாற்றிவிட்டுச் சாதாரண மீட்டரையும் வைத்திருக்கலாம். ஒரே பெயரில் வந்த இரண்டு நடவடிக்கைகளைத் தனித்தனியே நிறுத்தி நியாயம் கேட்பதுதான் அந்தச் சோதனையின் பயன்.

மூடிய ஆழ்துளைக் கிணறு

பணமே கேட்காத கடமை எப்படியிருக்கும் என்பதற்கு, எல்லைக்கு அப்பால் போட்ஸ்வானாவில் ஒரு வழக்கு உண்டு. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் வாழ்ந்த சான் என்னும் பழங்குடி மக்களை அரசு வெளியேற்றியது. 2002-இல் மொத்தோமெலோ என்ற இடத்திலிருந்த ஆழ்துளைக் கிணற்றின் நீர் வசதியும் நிறுத்தப்பட்டது. அவர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பலாம் என்று 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், அந்தக் கிணற்றைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. அரசு தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவேயில்லை. எங்கள் செலவில் நாங்களே இறைத்துக்கொள்கிறோம், தடுக்காமல் இருங்கள் என்பதுதான் கோரிக்கை.

உயர் நீதிமன்றம் மறுத்தபின், 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தன் நிலத்தில் சட்டப்படி குடியிருப்பவர் வீட்டுத் தேவைக்குக் கிணறு தோண்ட அனுமதி வேண்டியதில்லை என்ற பழைய நீர்ச் சட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீரைத் தடுப்பது இழிவான நடத்துமுறை என்று அரசமைப்பின்படியும் நீதிமன்றம் கண்டது. 15-ஆம் கருத்துரையையும் 2010-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் மேற்கோளாக எடுத்தது. இத்தனைக்கும் போட்ஸ்வானா அந்தப் பொருளாதார, சமூக உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடே அல்ல.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால், வளம் என்னும் சாக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது தெளிவாகிறது. மொத்தோமெலோவில் அரசு செய்ய வேண்டியது கையை எடுத்துக்கொள்வது மட்டுமே. அங்கே படிப்படியாக என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபிரியில் கூடுதல் லிட்டருக்குச் செலவு உண்டு, எனவே காலமும் வரிசையும் பற்றிய விவாதம் நியாயமானது. ஆனால் ஃபிரிக்குள்ளேயே, முன்னறிவிப்பும், ஆள் கணக்கும், விடுபட்டவர்களை எண்ணிப் பார்ப்பதும் மொத்தோமெலோவின் பக்கத்தில்தான் நிற்கின்றன.

மசிபுக்கோ தீர்ப்பு வந்தபோது தென்னாப்பிரிக்கா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்ததே தவிர, அதை உறுதிசெய்திருக்கவில்லை. 2015 ஜனவரியில் உறுதிசெய்துவிட்டது. உரிமைகளுக்குப் பொருள்கொள்ளும்போது பன்னாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பின் 39-ஆம் பிரிவு நீதிமன்றங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அடுத்து இதுபோன்ற ஒரு வழக்கைத் தொடுப்பவர், எத்தனை லிட்டர் என்று கேட்டு 2009-இன் கதவிலேயே மறுபடியும் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குறைந்தபட்சம் கிடைக்காதவர்கள் இத்தனை பேர், இவர்களுக்கு முன்னால் வேறு எவற்றுக்குச் செலவழித்தீர்கள் என்று கேட்டு, கணக்கை விரித்துக் காட்டும் வேலையை நகராட்சியிடமே ஒப்படைக்கலாம்.